வேலைத்திறன் பேச்சுக்கு எப்படி அழைப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"அண்ணனைக் கூப்பிட்டுப் பேசியே ஆகணும் அக்கா. ஆனா மீட்டிங்குக்கு என்னன்னு எழுதி அனுப்புறது? எதை எழுதினாலும் பயந்துடுவார் போல இருக்கு."

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டது இது. வயது 29. போன வருடம்தான் அலுவலகப் பொறுப்பு அவளிடம் வந்தது. அவள் கூப்பிட வேண்டியவர் 51 வயதுக் கிராணி. அவளுடைய அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். அவளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது அவர் செய்யும் வேலையைப் பற்றி அவள்தான் அவரிடம் பேச வேண்டும்.

விஷயம் இதுதான். மண்டோர்கள் தினமும் எழுதி அனுப்பும் சிட்டுகளைப் பார்த்துத் தொழிலாளர்களின் வருகையும் அவரவர் வெட்டிய குலைக்கணக்கும் பதியும் செக்ரோலை அவர் பார்க்கிறார். மாதம் முடிந்து 3ஆம் தேதிக்குள் அதை முடித்துக் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று மாதமாக 5, 5, 6 என்று போகிறது. கடைசி மாதத்தில் பதினொரு பேருடைய குலைக்கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன் 19ஆம் பிரிவுப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். 6ஆம் தேதி செக்ரோல் வந்தால் வங்கிக்கு அனுப்ப ஒரே நாள்தான் மிச்சம். அந்த நாளில் ஒரு பிழை இருந்தாலும் குலை வெட்டிய ஒருவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் நிற்பார். ஆக, பேசாமல் விடக்கூடிய விஷயம் இல்லை.

அவள் கேட்ட அதே கேள்வியை நான் வெவ்வேறு வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். லோரிக் கம்பெனி மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார், ஆலை எடைமேடைக்குப் பொறுப்பானவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் தயங்குவது பேச்சுக்கு இல்லை, பேச்சுக்கு முன்னால் அனுப்ப வேண்டிய அந்த நாலு வரிக்குத்தான். நடைமுறையில் மக்கள் ஐந்து விதமாக அழைக்கிறார்கள். அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலாவது, ஆயத்தம். அழைப்பைப் படித்தவருக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிகிறதா? தெரிந்தால்தான் தன் பக்கத்துக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வர முடியும்.

இரண்டாவது, இடைப்பட்ட நேரம். அழைப்புக்கும் பேச்சுக்கும் நடுவே எத்தனை மணி நேரம், அதில் எத்தனை இரவு? அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடும்? நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

மூன்றாவது, யார் கண்ணில் படும். எஸ்டேட் ஊரில் அலுவலகமும் கோவிலும் கடைத்தெருவும் ஒரே ஆட்கள்தான். ஆபீசில் காலை பத்து மணிக்கு நடந்தது பன்னிரண்டு மணிக்கு ஒட்டுக்கடையில் தெரிந்துவிடும். கைப்பேசித் திரையில் எட்டிப் பார்க்கும் ஒரு வரியை மனைவியோ மகனோ படித்துவிடக்கூடும்.

நான்காவது, சொன்னது உண்மையா. பயத்தைக் குறைக்கச் சொன்ன ஒரு வார்த்தை நாளைக்குப் பொய்யாகிவிடக் கூடாது.

ஐந்தாவது, பதிவு. பின்னால் தேவைப்பட்டால் "இதைப் பற்றி இன்ன தேதியில் பேசினோம்" என்று காட்ட முடியுமா?

## வழி 1: நேரத்தை மட்டும் சொல்வது

"நாளைக்கு 10 மணி, என் ரூமுக்கு வாங்க." அல்லது "முக்கியமா பேசணும்." மலாயில் ஒரு வரி உண்டு, நம் ஊரில் எல்லோருக்கும் வந்திருக்கும்: "ஜும்பா சாயா செகெஜாப்." கொஞ்சம் என்னை வந்து பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் அது மேலதிகாரியிடமிருந்து வரும்போது அந்த 'கொஞ்சம்' ரொம்பப் பெரிதாகிவிடுகிறது.

அனுப்புகிறவர் கெட்ட எண்ணத்தில் இப்படி எழுதுவதில்லை. எழுத்தில் போட்டால் தவறாகப் படித்துவிடுவார், நேரில் சொன்னால் சரியாகப் புரியும் என்று நினைக்கிறார். ஆனால் வெற்று அழைப்பை யாரும் வெறுமையாகப் படிப்பதில்லை. இடத்தை அவரவர் பயத்தால் நிரப்பிக்கொள்வார்கள். கடன் இருப்பவருக்கு வேலை போகப் போகிறது என்று தோன்றும். யாரோடாவது மனத்தாங்கல் இருப்பவருக்குப் புகார் போயிருக்கிறது என்று தோன்றும்.

எனக்கு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து, இப்படி ஒன்று வந்தது. "நாளை காலை வந்து பாருங்கள்." அன்று இரவு சோற்றைத் தொடவில்லை. பழைய கோப்புகளையெல்லாம் மனதில் புரட்டினேன். எப்போதோ ஒரு விலைப்பட்டியலில் தேதி தவறாகப் போட்டது நினைவுக்கு வந்து நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் போனால், விடுமுறைப் பாரங்கள் தாமதமாக வருகின்றன, அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சு. ஆனால் நான் எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் பாரங்கள் தாமதமாகத்தான் வந்தன.

இந்த வழியின் மறைந்த செலவு இதுதான். பயந்து வந்தவர் ஒப்புக்கொள்வார், ஆனால் காரணத்தைச் சொல்ல மாட்டார். காரணம் தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

இது சரியாகப் பொருந்துவது, அழைப்புக்கும் பேச்சுக்கும் நடுவே நேரமே இல்லாதபோது மட்டும். காலையில் அவர் மேசைக்குப் போய், "அண்ணே, நேத்து வந்த சிட்டைப் பத்தி ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி அங்கேயே பேசிவிடலாம். அது சின்னத் திருத்தம், அதற்கு அழைப்பே தேவையில்லை.

## வழி 2: மறைத்து அழைப்பது

"சும்மா ஒரு டீ குடிக்கலாம் வாங்க." "ஒண்ணுமில்ல, கொஞ்சம் பேசிட்டு இருப்போம்." உறவுமுறை வைத்துப் பழகும் இடத்தில் இதுதான் கைக்கு முதலில் வரும். அந்தத் தங்கையும் முதலில் இதைத்தான் நினைத்தாள். "அவரைப் போய் மீட்டிங்குன்னு கூப்பிட எனக்கு வாய் வரல" என்றாள். அவள் மனது எனக்குப் புரிகிறது.

அன்று இரவு அவர் நன்றாகத் தூங்குவார், அது நிஜம். ஆனால் ஒட்டுக்கடையில் தேநீர் வந்து, குடும்பம் எப்படி, மகள் படிப்பு எப்படி என்று கேட்டு முடித்து, "அப்புறம் அண்ணே, செக்ரோல்..." என்று தொடங்கும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். அதுவரை கேட்ட விசாரிப்பெல்லாம் இதற்காகத்தானா என்று அவருக்கு உறைக்கும். பக்கத்து மேசையில் இருப்பவர் அவரைத் தெரிந்தவர். கையில் ஒரு காகிதமும் இல்லை. இதற்குப் பிறகு அவள் உண்மையிலேயே சும்மா டீக்குக் கூப்பிட்டாலும் அவர் உள்ளுக்குள் தயாராகிக்கொண்டுதான் வருவார். ஒரு நாள் பயத்தை மிச்சம் பிடிக்கப் போய் பல மாதப் பயத்தை விதைத்ததாக ஆகிவிடும்.

பதிவு என்று பார்த்தாலும் ஒன்றும் இல்லை. பின்னாளில் "நாம அன்னைக்கே பேசினோமே அண்ணே" என்றால், "எப்ப? டீ குடிச்சோம், அவ்வளவுதானே?" என்று அவர் கேட்பதில் தப்பில்லை.

இது பொருந்துவது வேலைத்திறனைப் பற்றிப் பேச வேண்டியது எதுவுமே இல்லாதபோது. ஒருவர் முகம் சரியில்லை, வீட்டில் ஏதோ கஷ்டம் போல இருக்கிறது, என்னவென்று கேட்க வேண்டும் என்றால் டீக்குக் கூப்பிடுங்கள். அப்போது டீ என்றால் டீதான்.

## வழி 3: நோக்கத்தை எழுதி அனுப்புவது

நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புவது இங்கேதான். நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியது இது. அலுவலகத்தில் மற்ற மெயில்கள் ஆங்கிலத்தில் போகும். இதைத் தமிழிலேயே எழுதலாம் என்றேன், ஏனென்றால் அவரோடு அவள் பேசுவது தமிழில்தான்.

> தலைப்பு: செக்ரோல் முடிக்கும் தேதி: பேச்சு (40 நிமிடம்)
>
> வணக்கம் அண்ணே. கடந்த மூன்று மாதமாகச் செக்ரோல் 3ஆம் தேதிக்குப் பதில் 5, 5, 6 என்று முடிகிறது. போன மாதம் 11 பேருடைய குலைக்கணக்கைத் திருத்த வேண்டி வந்தது. எங்கே தாமதமாகிறது, அடுத்த மாதம் 3ஆம் தேதிக்குள் முடிக்க என்ன செய்யலாம் என்று பேச வேண்டும்.
>
> நாளை, செவ்வாய் காலை 10 மணி, சின்ன மீட்டிங் ரூம். நாம் இருவர் மட்டும்.
>
> இது உங்கள் வேலையைப் பற்றிய பேச்சுதான். எச்சரிக்கைக் கடிதம் எதுவும் இதில் கிடையாது. பேசி முடிவானதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வோம்.
>
> இந்த மூன்று மாதத்துச் சிட்டுகளை எடுத்து வாருங்கள். வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதையும் பேசலாம். நேரம் தோதுப்படாவிட்டால் புதன் 10 மணி. முன்னாலேயே ஏதாவது கேட்கணும் என்றால் இன்று 5 மணி வரை ஆபீசில்தான் இருப்பேன்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது.

தலைப்பில் ஆள் இல்லை, விஷயம் இருக்கிறது. 'உங்கள் வேலைத்திறன் மதிப்பீடு' என்று தலைப்புப் போட்டால் ஆளே எடைமேடையில் ஏறியது மாதிரி ஆகிவிடும். அதோடு பகிர்ந்து பார்க்கும் நாட்காட்டியில் தலைப்பு எல்லோருக்கும் தெரியும். 'செக்ரோல் முடிக்கும் தேதி' என்று யார் படித்தாலும் அது ஒரு வேலை, அவ்வளவுதான். அதற்காக உள்ளே மறைக்கவும் இல்லை. 'இது உங்கள் வேலையைப் பற்றிய பேச்சுதான்' என்று மூன்றாவது பத்தியில் நேராக வருகிறது. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். எடுத்தால் இது வழி 2 ஆகிவிடும், ஒழுங்காக உடுத்திக்கொண்ட வழி 2.

5, 5, 6, பதினொன்று என்று எண்களைப் போட்டதால் பயம் கூடாதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. எழுதிப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது. 'சமீபமாக உங்கள் வேலையில் சில குறைகள்' என்று எழுதினால் அந்த 'சில'வுக்கு எல்லையே கிடையாது. 5, 5, 6 என்பதற்கு எல்லை உண்டு. இவ்வளவுதானா விஷயம் என்று படிக்கிறவருக்கே தெரியும். ஆனால் எண்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'கவனக்குறைவு', 'அலட்சியம்' என்று காரணத்தையும் நாமே எழுதிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? தீர்ப்பு வந்துவிட்டது.

இரண்டு வார்த்தைகளை அவளிடம் சொல்லி எடுக்க வைத்தேன். முதல் வரைவில் 'தாமதம் குறித்து விளக்கம் தேவை' என்று இருந்தது. சாதாரண வார்த்தை போலத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் வேலையிடங்களில் 'விளக்கம்' என்றாலே காரணம் கோரும் கடிதம்தான் நினைவுக்கு வரும். இன்ன தேதிக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும், தவறினால் நடவடிக்கை என்று வருமே, அது. இன்னொன்று 'விசாரிக்க'. கல்யாண வீட்டில் விசாரிப்பது அன்பு, ஆபீசில் விசாரிப்பது விசாரணை. 'பேச' என்ற சொல் போதும்.

எச்சரிக்கைக் கடிதம் கிடையாது என்ற வரியைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது உண்மையாக இருந்தால் மட்டும்தான் போடலாம். அவளிடம் கேட்டேன், "மேனேஜரிடம் பேசினாயா?" இல்லை என்றாள். "முதலில் அவரிடம் கேள், இந்தப் பேச்சில் கடிதம் கொடுக்கும் எண்ணம் இருக்கிறதா என்று. அவர் இல்லை என்றால்தான் இந்த வரி." அவள் கேட்டு, அவர் இல்லை என்ற பிறகுதான் அது இருந்தது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். பயப்பட ஒன்றுமில்லை என்பது பயப்படுகிறவர் சொல்ல வேண்டியது, நாம் முடிவு செய்ய முடியாது. எச்சரிக்கைக் கடிதம் இல்லை என்பது நாம் முடிவு செய்து, நாமே காப்பாற்றக்கூடிய ஒன்று.

'நாம் இருவர் மட்டும்' என்பதும் அப்படித்தான். அழைப்பில் மேனேஜர் பெயரையும் சேர்த்து அனுப்பினால் உள்ளே என்ன எழுதினாலும் எடுபடாது. படிக்கிறவர் முதலில் பார்ப்பது யார் யார் வருகிறார்கள் என்பதைத்தான். வேறு ஒருவர் வந்தே ஆக வேண்டுமென்றால் அவர் ஏன் வருகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றி. அனுப்பியது திங்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு, பேச்சு மறுநாள் காலை பத்து மணிக்கு. நடுவே ஒரே இரவு. சிட்டுகளைத் தேடி எடுக்க மூன்று மணி நேர ஆபீஸ் நேரமும் கிடைத்தது, வந்து கேட்க ஐந்து மணி வரை வாசலும் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பித் திங்கட்கிழமை பேசுவதுதான் இருப்பதிலேயே கொடுமை. இரண்டு முழு நாள் அவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டும். தேதியும் முக்கியம். மாதக் கடைசியிலும் 1, 2, 3ஆம் தேதியிலும் செக்ரோல் கிராணியைக் கூப்பிட்டுச் செக்ரோல் தாமதத்தைப் பேசுவது அநியாயம். சம்பளம் போட்டு முடிந்து 8ஆம் தேதிக்கு மேல் வைத்தோம்.

இந்த வழியிலும் செலவு உண்டு. எழுத்தை வீட்டில் யாராவது படிக்கலாம். ஊரில் பலருடைய வேலை மெயிலும் சொந்தக் கைப்பேசிக்குத்தான் வருகிறது. நாட்காட்டி அழைப்பில் 'தனிப்பட்டது' என்று குறித்துவிட்டால் பகிர்ந்து பார்க்கும் மற்ற ஊழியர்களுக்கு விவரம் தெரியாது, அந்த அளவுக்குப் பாதுகாப்பு. வாட்ஸ்அப் குழுவில் இதை ஒருபோதும் போடாதீர்கள். 'இருவர் மட்டும்' என்று எழுதியதைக் குழுவில் நாற்பது பேர் படித்த கதையை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு செலவு, எழுத்துக்குக் குரல் கிடையாது. எவ்வளவு பக்குவமாக எழுதினாலும், தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளையிடமிருந்து திடீரென்று ஒரு மெயில் வருவதே ஒரு குத்துதான். அதற்குத்தான் அடுத்த வழி.

## வழி 4: நேரில் ஒரு வார்த்தை, உடனே எழுத்து

மேலே உள்ள அதே எழுத்துதான். அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போய் நேரில் சொல்லிவிடுவது. அவள் செய்தது இதைத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் திரும்புவதற்குள் அவர் மேசைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னாள்:

"அண்ணே, செக்ரோல் மூணு மாசமா லேட்டாகுதுல்ல, அதைப் பத்தி நாளைக்குப் பத்து மணிக்கு நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசணும். லெட்டர் கிட்டர் ஒண்ணும் இல்ல. எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியணும். விவரம் மெயில்ல போடுறேன்."

அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "பெரியவர் கேட்டாராம்மா?" என்றார். மேனேஜரைத்தான் சொல்கிறார். "கேட்டார்ணே. நான்தான் முதல்ல உங்ககிட்ட பேசுறேன்னு சொன்னேன்" என்றாள். அதுவும் உண்மைதான். "சரி, சிட்டெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

நேரில் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்திலேயே முழுப் பேச்சும் தொடங்கிவிடும். அவர் அங்கேயே காரணம் சொல்லத் தொடங்குவார், நாமும் பதில் சொல்லத் தொடங்குவோம், நின்றுகொண்டே, கதவு திறந்திருக்க. "நாளைக்கு நிதானமாப் பேசுவோம்ணே, நீங்க சொல்றதை முழுசாக் கேட்கணும்" என்று நிறுத்தத் தெரிய வேண்டும். இன்னொன்று, சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரில் 'சின்ன விஷயம்தான்' என்று சொல்லிவிட்டு எழுத்தில் மூன்று மாதக் கணக்கை வைத்தால் எதை நம்புவது?

மறுநாள் அவர் சிட்டுகளை டிவிஷன் வாரியாகக் கட்டி, அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதியை ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் குறித்துக் கொண்டுவந்தார். வழக்கமாக அன்றைக்குச் சாயங்காலமே வர வேண்டிய மண்டோர் சிட்டு ஒரு டிவிஷனிலிருந்து மட்டும் மறுநாள் மத்தியானமும், சிலது பல நாள் கழித்தும் வந்திருந்தது. மாதக் கடைசி மூன்று நாளின் சிட்டுகள் 3ஆம் தேதிதான் கைக்கு வந்தன. முதல் இரண்டு மாதத் தாமதத்துக்கு அதுதான் காரணம். மூன்றாம் மாதத்து ஆறாம் தேதியும் அந்தப் பதினொரு பிழையும் அவருடையது. அதை அவரே சொன்னார்: கண் சரியாகத் தெரியவில்லை, ராத்திரி விளக்கில் ஏற்றினேன் என்று. முன்னால் எழுதி அனுப்பாமல் இருந்திருந்தால் அந்தப் பென்சில் குறி இருந்திருக்காது. அந்த டிவிஷனைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

வழி 4 எல்லாருக்கும் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வயதில் மூத்தவர், உறவு அல்லது குடும்பப் பழக்கம் உள்ளவர், இதற்கு முன் இப்படி ஒரு அழைப்பே வாங்காதவர், இவர்களுக்கு நேரில் ஒரு வார்த்தை அவசியம். மாதாமாதம் உட்கார்ந்து பேசும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும் இளம் ஊழியருக்கு வழி 3 மட்டுமே போதும். வேறு டிவிஷனில், வேறு ஊரில் வேலை செய்பவருக்குக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அனுப்பலாம்.

## வழி 5: முறையான கடிதம்

அலுவலகத் தலைப்புத் தாளில், குறிப்பு எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. பதிவு என்ற ஒரு அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மற்றவற்றில் எல்லாம் பின்தங்கும். கடிதத்தைக் கையில் வாங்கியதுமே அவர் மனதில் வேலை முடிந்த மாதிரிதான். கொண்டுவந்து கொடுத்த ஆபீஸ் பையன் உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் பேச்சுக்கே இதை எடுத்தால் இரண்டாவது பேச்சுக்கு எடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு வித்தியாசம் உண்டு. வேலை சரியாக வரவில்லை என்பது ஒன்று, ஒழுங்கீனம் என்பது வேறு. பொய்யாகக் குலைக்கணக்குப் போட்டார், பணத்தைக் கையாடினார் என்றால் அது ஒழுங்கீனம். அதற்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு முறையான விசாரணை கேட்கிறது. அங்கே கடிதம்தான் சரி, குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் தெரிவதுதான் அவருக்கும் பாதுகாப்பு. அந்த இடத்தில் வழி 3 போல மென்மையாக எழுதுவது அவரை ஏமாற்றுவதாகும். வேலைத்திறன் குறைவில் தொழில் நீதிமன்றம் பார்ப்பது வேறு: குறை என்னவென்று அவருக்குச் சொல்லப்பட்டதா, திருந்த அவகாசம் கொடுக்கப்பட்டதா, அதற்குப் பிறகும் முன்னேறவில்லையா? முதல் கேள்விக்கு வழி 3-இன் அந்த எழுத்தும், பேச்சுக்குப் பின் எழுதிய ஒரு பக்கமும் நல்ல பதிலாக நிற்கும். தலைப்புத் தாளும் குறிப்பு எண்ணும் அதற்குத் தேவையில்லை.

பேசி, அவகாசம் கொடுத்து, உதவியும் செய்து, அப்படியும் மாறவில்லை என்றால் அடுத்த சந்திப்புக்குக் கடிதம் பொருந்தும். அப்போது 'இந்தச் சந்திப்பின் முடிவில் எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்படலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியையோ உடன் வேலை செய்பவரையோ அழைத்து வரலாம்' என்று அதில் இருக்க வேண்டும். அது படிப்பவரைப் பயமுறுத்தும்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அங்கே காரணம் இருக்கிறது. அதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஆயத்தம் | இடைப்பட்ட நேரம் | யார் கண்ணில் படும் | உண்மை | பதிவு |
|---|---|---|---|---|---|
| 1. நேரம் மட்டும் | இல்லை | மிகக் கடினம் | பட்டாலும் ஊகம்தான் பரவும் | பொய் இல்லை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை | தேதி மட்டும் |
| 2. மறைத்து | இல்லை | நிம்மதி, பிறகு அதிர்ச்சி | கடையில் இருக்கும் எல்லோரும் | இல்லை | இல்லை |
| 3. நோக்கம் எழுதி | உண்டு | தாங்கக்கூடியது | கவனம் தேவை | நாம் காத்தால் உண்டு | நல்லது |
| 4. நேரில், பின் எழுத்து | உண்டு | ஐந்திலும் லேசானது | கவனம் தேவை | இரண்டும் ஒத்துப்போனால் உண்டு | நல்லது |
| 5. முறையான கடிதம் | உண்டு | கடினம் | அலுவலகம் முழுக்க | உண்டு | மிக வலுவானது |

## அழைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தால்

எந்த வழியில் அனுப்பினாலும் சிலர் திருப்பிக் கேட்பார்கள்: "என் வேலை போகப் போகுதா?" ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். நீலக் குறி விழுந்து, பதில் போகாமல் இருந்தால் அந்த இரவு அவருக்கு முடியவே முடியாது. "நாளைக்குப் பேசிக்கலாம்" என்பதும் அதே கணக்குத்தான். "சேச்சே, என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க" என்பதில் பாசம் இருக்கிறது, பதில் இல்லை.

அப்படி வந்தால் கைப்பேசியை எடுத்துக் கூப்பிடுங்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். அந்தத் தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "நாளைப் பேச்சில் அப்படி எந்த முடிவும் இல்லைண்ணே. செக்ரோல் தேதியைச் சரிசெய்வதுதான் பேச்சு. சரியாகாமலே போனால் அடுத்து என்ன என்பதையும் நாளைக்கே உங்களிடம் நேராகச் சொல்வேன், உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது." கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் அதையும் மேனேஜரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொன்னேன். அந்தக் கிராணி அப்படிக் கேட்கவில்லை, அவளும் சொல்ல வேண்டி வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை இரவு பத்து மணி வரை கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்ததாகச் சொன்னாள்.